அடித்துவிட்ட அரை வாக்கியம்

ஜெர்மனியின் ‘ஸைட்ஷ்ரிஃப்ட் ஃப்யூர் ஃபிசிக்’ இயற்பியல் இதழின் 16ஆம் தொகுதி 1923இல் வெளியானது. அதன் 228ஆம் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. மொத்தம் நான்கைந்து வாக்கியங்கள். எழுதியவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். தாம் முன்பு இதே இதழில் ஒருவரின் கட்டுரையைக் குறைகூறி எழுதியதாகவும், அந்தக் குறை தம்முடைய கணக்குப் பிழையிலிருந்து வந்ததாகவும், அந்த மனிதர் சொன்னதே சரி என்றும் அதில் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 44. நோபல் பரிசு அறிவிக்கப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. உலகத்திலேயே மிகவும் பேசப்பட்ட விஞ்ஞானி அவர்தான்.

குறைகூறப்பட்டவரோ ஜெர்மனியில் அநேகமாக யாருக்கும் தெரியாதவர். பெட்ரோகிராடைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபிரீட்மன், கணிதமும் வானிலையியலும் படித்தவர். முதல் உலகப் போரில் ரஷ்ய விமானப் படையோடு பறந்து, விமானத்திலிருந்து போடும் குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போட்டவர். போரும் புரட்சியும் முற்றுகையும் ரஷ்யாவை ஐரோப்பிய அறிவுலகிலிருந்து பல ஆண்டுகள் துண்டித்து வைத்திருந்தன. 1915இல் ஐன்ஸ்டைன் முடித்துவைத்த பொதுச் சார்பியல் பெட்ரோகிராடை எட்டவே நாளாயிற்று. எட்டியதும் ஃபிரீட்மன் அதை முழுமூச்சாகக் கற்றார். 1922 மே மாதம் எழுதி முடித்த கட்டுரையை அதே ஜெர்மன் இதழுக்கு அனுப்பினார். தலைப்பு, ‘வெளியின் வளைவு பற்றி’.

அந்தக் கட்டுரை சொன்னது இதுதான். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைப் பிரபஞ்சம் முழுமைக்கும் பொருத்திப் பார்த்தால், அதன் ஆரம் காலப்போக்கில் மாறாமல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. அது பெருகலாம், சுருங்கலாம், பெருகிப் பின் சுருங்கலாம். பெருகிச் சுருங்கும் வகைக்கு ஓர் உதாரணக் கணக்கும் போட்டு, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள் வரும் என்று காட்டினார். அது வெறும் விளக்கத்துக்கான எண் என்றே அவர் கருதினார். வானத்தைத் தொலைநோக்கியில் பார்த்து எழுதிய கட்டுரை அன்று அது. சமன்பாடு எதையெல்லாம் அனுமதிக்கிறது என்று தாளில் தேடிப் பார்த்த கட்டுரை.

ஐன்ஸ்டைனுக்கு அது பிடிக்கவில்லை. பிரபஞ்சம் என்றென்றும் ஒரே அளவில் இருக்கிறது என்பது அன்று கிட்டத்தட்ட எல்லோருடைய நம்பிக்கை. அதற்கு இடம் தரவே 1917இல் அவர் தம் சமன்பாட்டில் ஒரு கூடுதல் உறுப்பைச் சேர்த்திருந்தார். 1922 செப்டம்பர் 18 அன்று அவருடைய மறுப்பு இதழின் அலுவலகத்துக்கு வந்தது. 11ஆம் தொகுதியில் அரைப் பக்கத்துக்கும் குறைவாக அச்சாகியது. மாறும் பிரபஞ்சம் பற்றிய முடிவுகள் தமக்குச் சந்தேகத்துக்குரியவையாகப் பட்டன என்று தொடங்கி, அந்தத் தீர்வு சமன்பாடுகளோடு ஒத்துப்போகவே இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அதோடு விடவில்லை. பிரபஞ்சத்தின் ஆரம் மாறாது என்று நிரூபிப்பதே இந்தக் கட்டுரையின் பயன் என்றும் முடித்தார். ஃபிரீட்மன் சொன்னதற்கு நேர்எதிரான ஒன்றை அவருடைய கட்டுரையின் சாதனையாக அவர் தலையிலேயே கட்டிவிட்ட வாக்கியம் அது. படிக்கும்போது இன்றும் மனம் வலிக்கிறது.

பிழை எங்கே நேர்ந்தது? சமன்பாட்டின் குறிகளைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு மூடிய அறையையும் அதில் நிறைந்திருக்கும் சாம்பிராணிப் புகையையும் நினைத்துக்கொண்டால் போதும். அறைக்குள் புதிதாகப் புகை வராது, இருக்கிற புகை வெளியே போகாது. இப்போது அறையின் சுவர்கள் எல்லாப் பக்கமும் விரிந்து, நீளம், அகலம், உயரம் மூன்றும் இருமடங்கு ஆகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். கொள்ளளவு எட்டு மடங்காகிவிடும். மொத்தப் புகை அப்படியே இருக்கும். ஆனால் அதன் அடர்த்தி எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மாறாமல் இருப்பது அடர்த்தியும் கொள்ளளவும் சேர்ந்த பெருக்கற்பலன். அடர்த்தி மட்டும் தனியாக மாறாமல் இருக்க வேண்டியதில்லை.

பொதுச் சார்பியலின் சமன்பாடுகளுக்குள்ளேயே இந்தப் பொருள் காப்பு விதி அடங்கியிருக்கிறது. ஐன்ஸ்டைன் தம் மறுப்பில் கையில் எடுத்ததும் அதே விதியைத்தான். ஆயுதம் சரியானது, அதைப் பிரயோகித்த விதத்தில்தான் சறுக்கல். வளைந்த வெளியில் இந்த விதியை எழுதும்போது அடர்த்தியோடு கொள்ளளவைக் குறிக்கும் ஒரு காரணியும் சேர்ந்து வர வேண்டும். அதை அவர் விட்டுவிட்டார். விட்டதும், அடர்த்தி காலத்தோடு மாறாது என்ற முடிவு வந்தது. அடர்த்தி மாறாவிட்டால் ஃபிரீட்மனின் மற்ற சமன்பாடுகளின்படி ஆரமும் மாற முடியாது. ஆகவே மாறும் பிரபஞ்சம் பொய் என்றாகிவிட்டது. காரணியைத் திரும்பச் சேர்த்தால், ஆரத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு அடர்த்தியைப் பெருக்கி வரும் அளவுதான் மாறாதது என்று கிடைக்கும். அது அச்சுப் பிசகாமல் ஃபிரீட்மனின் கட்டுரையில் இருந்தது.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் தேவைப்பட்டிருக்காது. அறை பெருகியும் புகையின் அடர்த்தி குறையவில்லை என்றால் புதுப் புகை எங்கிருந்தோ வந்தாக வேண்டும். அப்போது பொருள் காப்பு விதியே உடைந்துபோகும். அந்த விதியை வைத்துத்தான் வாதமே தொடங்கியது. ஒரு நாள் தாளைத் தள்ளிவைத்துவிட்டு மறுநாள் எடுத்துப் பார்த்திருந்தால் ஐன்ஸ்டைனின் கண்ணிலேயே பட்டிருக்கலாம். ஆனால் முடிவு பிடிக்காதபோது, அதற்கு எதிரான கணக்கு நமக்குச் சாதகமாக வந்து நின்றால், அதை இரண்டாவது தடவை சரிபார்க்க யாருக்கும் கை வருவதில்லை. அவருக்கும் வரவில்லை.

வெளிநாட்டிலிருந்த நண்பர் ஒருவரின் கடிதம் வழியாகத்தான் ஃபிரீட்மனுக்கு இந்த மறுப்பு தெரியவந்தது. 1922 டிசம்பர் 6 அன்று அவர் ஐன்ஸ்டைனுக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதில் சினம் கிடையாது. ஐன்ஸ்டைன் விட்ட படிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டி, அடர்த்தி மாறாது என்ற முடிவு தமக்குக் கிடைக்கவில்லை என்றார். இந்தக் கணக்கு சரியென்று பட்டால் இதழின் ஆசிரியர்களுக்குத் தெரிவிக்கும்படியும், தாங்களே ஒரு திருத்தம் வெளியிடவோ இந்தக் கடிதத்தின் ஒரு பகுதியை அச்சிட இடம் தரவோ கேட்டுக்கொண்டார்.

கடிதம் பெர்லின் முகவரிக்குப் போனது. ஐன்ஸ்டைன் பெர்லினில் இல்லை. அக்டோபர் மாதமே மார்செய் துறைமுகத்தில் ‘கிடானோ மாரு’ கப்பலேறி, வழியில் கொழும்பில் இறங்கிப் பார்த்துவிட்டு, சிங்கப்பூர், ஹாங்காங், ஷாங்காய் வழியாக ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். ஃபிரீட்மன் பெட்ரோகிராடில் பேனாவை எடுத்த நாளில் அவர் ஜப்பானிய மேடைகளில் சார்பியல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் பாலஸ்தீனம், ஸ்பெயின் என்று சுற்றி, 1923 மார்ச்சில்தான் வீடு வந்தார். மே வரையிலும் ஃபிரீட்மனுக்குப் பதில் கிடைக்கவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது ஹாலந்தில். லைடன் பல்கலைக்கழகத்தில் ஐன்ஸ்டைனுக்கு ஒரு வருகைப் பேராசிரியர் பதவி இருந்தது. அங்கே அவருடைய நெருங்கிய நண்பர் பால் எரன்ஃபெஸ்ட் இருந்தார். எரன்ஃபெஸ்ட் முன்பு, பெட்ரோகிராட் பீட்டர்ஸ்பர்க்காக இருந்த காலத்தில், ஐந்தாண்டுகள் அங்கே வாழ்ந்தவர். அங்கே அவரிடம் படித்த யூரி க்ருட்கோவ், ஃபிரீட்மனின் சக ஆசிரியர், அந்த வசந்தத்தில் லைடன் வந்திருந்தார். 1923 மே 7 திங்கட்கிழமை ஐன்ஸ்டைனோடு உட்கார்ந்து ஃபிரீட்மனின் கட்டுரையைப் படித்ததாகக் க்ருட்கோவ் தம் சகோதரிக்கு எழுதியிருக்கிறார். மே 18 அன்று எழுதிய கடிதத்தில் குதூகலம் கொப்பளிக்கிறது. ஃபிரீட்மன் விஷயத்தில் ஐன்ஸ்டைனை வாதத்தில் வென்றுவிட்டதாகவும், பெட்ரோகிராடின் மானம் காப்பாற்றப்பட்டதாகவும் அதில் சொல்கிறார்.

இந்த இடத்தில் க்ருட்கோவின் பங்கைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தபாலில் வந்த கடிதத்தைக் கட்டோடு கட்டாக ஒதுக்கிவைக்கலாம். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இந்த வரியில் இந்தக் காரணி எங்கே போயிற்று என்று விரல் வைத்துக் கேட்பவரை ஒதுக்க முடியாது.

அடுத்த இரண்டு வாரத்துக்குள், மே 31 அன்று, ஐன்ஸ்டைனின் திருத்தம் இதழின் அலுவலகத்தில் பதிவாயிற்று. மறுப்பு வந்ததிலிருந்து எட்டு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் பிழை பிழைதான் என்று தெரிந்த பிறகு கடந்தவை சில நாட்களே.

அந்தக் குறிப்பை வரிவரியாகப் பார்ப்பது பயனுள்ளது. முதலில் தலைப்பு. முந்தைய மறுப்பின் தலைப்பும் இதன் தலைப்பும் ஒரே ஒரு சொல்லைத் தவிர ஒன்றே. இரண்டிலும் ஃபிரீட்மனின் பெயரும் கட்டுரைப் பெயரும் முழுமையாக வருகின்றன. அதே இதழில், அதே கையெழுத்தோடு வெளிவருகிறது. மறுப்பைப் படித்தவர் இதைக் கண்டால் எதற்கான திருத்தம் என்று ஒரு கணமும் தடுமாற மாட்டார். வேறொரு கட்டுரையின் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில், போகிற போக்கில் திருத்திவிட்டுப் போயிருக்கலாம். அவர் செய்யவில்லை.

முதல் வாக்கியம், தாம் குறைகூறியதை ஒப்புக்கொள்கிறது. இரண்டாவது, அந்தக் குறை கணக்குப் பிழையில் நின்றது என்கிறது. அதே வாக்கியத்தில் க்ருட்கோவின் பெயரும் ஃபிரீட்மனின் கடிதமும் வருகின்றன. தாமே யோசித்துக் கண்டுபிடித்ததாகக் காட்டிக்கொள்ளாமல், இன்னார் சொல்லித் தெளிந்தேன் என்று எழுதுகிறார். ஜப்பான் பயணம், தாமதமாகக் கிடைத்த கடிதம், வேலைப் பளு என்று சொல்லக்கூடிய காரணங்கள் கையில் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அச்சில் இல்லை. அடுத்த வாக்கியம் ஃபிரீட்மனின் முடிவுகள் சரியானவை, புதிய வெளிச்சம் தருபவை என்கிறது. கடைசி வாக்கியம் அந்த முடிவு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறது. மாறாத தீர்வுகளோடு, காலத்தோடு மாறும் தீர்வுகளையும் சமன்பாடுகள் அனுமதிக்கின்றன. எட்டு மாதத்துக்கு முன் ஃபிரீட்மனின் கட்டுரைக்கு அவர் தலைகீழாக எழுதிவைத்த பயன், இந்த ஒரு வாக்கியத்தில் நிமிர்த்தி வைக்கப்பட்டுவிட்டது. பிழையை வாபஸ் வாங்குவதோடு நிறுத்தாமல், சரியானது எது என்பதையும் தம் வாயாலேயே சொன்னதுதான் இந்தக் குறிப்பின் பெருந்தன்மை.

ஒரு குறையும் உண்டு. என்ன கணக்குப் பிழை என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. கொள்ளளவுக் காரணி விட்டுப்போனது என்று அரை வாக்கியம் சேர்த்திருந்தால், அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும் அடுத்தவர் அதே பள்ளத்தில் விழாமல் இருந்திருப்பார். சுருக்கத்துக்காக இழக்கக் கூடாததை இழந்த இடம் இது. இன்னொன்று, அச்சு உலகத்தின் இயல்பான குறை. நூலகத்தில் 11ஆம் தொகுதியை எடுத்துப் படிப்பவருக்கு 16ஆம் தொகுதியில் திருத்தம் இருப்பது தெரிய வழியில்லை. மறுப்பு தனியாகவே பயணம் செய்யும்.

இந்தக் குறிப்பின் கையெழுத்துப் பிரதி பிழைத்திருக்கிறது. அதன் கடைசி வாக்கியத்தில் அச்சில் வராத ஒரு துண்டு இருக்கிறது. மாறும் தீர்வுகளைச் சமன்பாடுகள் அனுமதிக்கின்றன என்று எழுதியதன் தொடர்ச்சியாக, அவற்றுக்கு இயற்பியல் ரீதியான பொருள் இருப்பதாகச் சொல்ல இயலாது என்ற கருத்தில் அரை வாக்கியம் எழுதியிருக்கிறார். பிறகு அதன்மேல் கோடு போட்டு அடித்துவிட்டார்.

எழுதியபோது அது அவருடைய மனதார்ந்த கருத்துதான். அதற்குப் பின்னும் மாறவில்லை. 1927 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸ் சால்வே மாநாட்டின்போது பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமேத்ர், பெருகும் பிரபஞ்சம் பற்றித் தாம் தனியே கண்டதை அவரிடம் விளக்கினார். கணக்கு சரி, ஆனால் இயற்பியலாக அருவருப்பானது என்ற தொனியில் ஐன்ஸ்டைன் பதில் சொன்னதாக லெமேத்ர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஃபிரீட்மனின் கட்டுரை பற்றி லெமேத்ரிடம் சொன்னவரும் ஐன்ஸ்டைன்தான். ஆக, 1923இல் அவர் திருத்திக்கொண்டது ஒரு தகவலை. நம்பிக்கை இருந்த இடத்திலேயே இருந்தது.

அதனால்தான் அந்தக் கோடு முக்கியமாகிறது. அரை வாக்கியம் அச்சேறியிருந்தால் குறிப்பின் குரலே மாறியிருக்கும். நீங்கள் சொன்னது சரி, ஆனால் அதனால் பயன் ஒன்றுமில்லை என்று படிப்பவர் காதில் விழுந்திருக்கும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்துக்கொள்ளும் திருத்தமாகியிருக்கும். அந்தக் கருத்துக்கு அன்று ஆதாரமும் இல்லை, எதிர் ஆதாரமும் இல்லை. விண்மீன் திரள்களின் விலகலையும் தொலைவையும் சேர்த்து எட்வின் ஹபிள் வெளியிட்டது 1929இல்தான். ஆகவே அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. சொல்ல வேண்டிய இடம் அது அன்று என்பதை அடித்த கை அறிந்திருந்தது.

இதே மனிதர் எல்லாச் சமயத்திலும் இத்தனை நிதானமாக நடந்துகொண்டாரா என்றால், இல்லை. 1936இல், நேதன் ரோசனோடு சேர்ந்து, ஈர்ப்பு அலைகள் இருக்கவே முடியாது என்று நிரூபித்துவிட்டதாக நினைத்து ஒரு கட்டுரையை அமெரிக்காவின் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’வுக்கு அனுப்பினார். ஆசிரியர் ஜான் டேட் அதை மதிப்பீட்டாளர் ஒருவரிடம் கொடுத்தார். பல பக்க மறுப்பு வந்தது. அச்சுக்கு முன் பிறரிடம் காட்ட நான் அனுமதிக்கவில்லையே என்று சினந்து, ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பெயர் சொல்லாத அந்த மதிப்பீட்டாளர் ஹோவர்ட் ராபர்ட்சன் என்பது இதழின் பழைய பதிவேட்டைப் பார்த்துப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகே உறுதியானது. ராபர்ட்சன் பிரின்ஸ்டனிலேயே இருந்தவர். ஐன்ஸ்டைனின் புதிய உதவியாளர் லியோபோல்ட் இன்ஃபெல்டிடம் நட்பாகப் பேச்சுக் கொடுத்து, வாதத்தின் ஓட்டையைக் காட்டினார். கட்டுரை 1937இல் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்டின் இதழில் வெளிவந்தபோது முடிவு மாறியிருந்தது. மூலத்தில் இருந்த பிழையைத் தெளிவுபடுத்த உதவிய ராபர்ட்சனுக்கு நன்றியும் அதில் இருந்தது. தபாலில் வந்த மறுப்பு கோபத்தைக் கிளப்பியது, ஒரே ஊரில் நேர்ப்பேச்சாக வந்தபோது ஏற்கப்பட்டது. லைடனில் நடந்ததும் ஏறத்தாழ அதுவே.

ஃபிரீட்மன் 1923இல் பெர்லினுக்குப் போனார். ஐன்ஸ்டைன் விடுமுறைக்கு வெளியூர் போயிருந்தார். இருவரும் சந்திக்கவே இல்லை. 1925 ஜூலையில் ஃபிரீட்மன் வானிலை ஆய்வுக்காகப் பலூனில் 7,400 மீட்டர் உயரம் சென்றார். சில வாரங்களில் டைபாய்டு கண்டு, செப்டம்பர் 16 அன்று, அதற்குள் லெனின்கிராட் எனப் பெயர் மாறியிருந்த பெட்ரோகிராடில் இறந்தார். வயது 37. தம்முடைய மாறும் தீர்வுகளில் ஒன்றுதான் வானத்தில் நடக்கிறது என்பதை அவர் அறியாமலே போனார். ஆனால் அவருடைய கணக்கில் பிழை என்ற பழி அவர் உயிரோடிருக்கும்போதே, அதைச் சுமத்தியவர் கையாலேயே, நீங்கியிருந்தது.

1931 ஏப்ரலில் ஐன்ஸ்டைன் பிரஷ்ய அறிவியல் கழகத்தின் இதழில் மாறாப் பிரபஞ்சத்தையும் 1917இல் சேர்த்த கூடுதல் உறுப்பையும் கைவிட்டு, ஃபிரீட்மனின் பெயரைச் சொல்லி அவருடைய மாதிரியை ஏற்றுக்கொண்டார். மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் அதைப் பற்றி உரையாற்றியபோது கரும்பலகையில் பிரபஞ்சத்தின் அடர்த்தி, ஆரம், வயது ஆகியவற்றை எழுதினார். பலகையை அழிக்காமல் எடுத்துவைத்துவிட்டார்கள். இன்றும் அந்த ஊரின் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அயர்லாந்து ஆய்வாளர்கள் பின்னாளில் அந்த எண்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது, அடர்த்தியும் ஆரமும் தவறாக இருப்பது தெரிந்தது. ஹபிளின் விரிவு வேகத்தை அலகு மாற்றும்போது சறுக்கியிருக்கலாம். ஏப்ரல் கட்டுரையிலும் அதே தவறு. அந்த முறை பெட்ரோகிராடிலிருந்து கடிதம் வரவில்லை, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யாரும் கேட்கவுமில்லை. சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய எண்கள் அப்படியே இருக்கின்றன.